‘பிசிக்கல் டேமேஜ்’ என்ற ஒற்றை வரிக்குப் பதில்

டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கும்போது பில்லோடு சேர்த்து விற்கப்படும் கூடுதல் வாரண்டி, பொருள் தானாகப் பழுதானால் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஓர் ஒப்பந்தம். கீழே விழுந்தது, அடிபட்டது, தண்ணீர் புகுந்தது, மின்னழுத்தம் எகிறியது போன்றவை பெரும்பாலான திட்டங்களில் ‘இதற்குப் பொருந்தாது’ என்ற பகுதியில் இருக்கும். செலவு அதிகமான பழுது வரும்போது தகராறு எழுவதும் அந்தப் பகுதியில்தான். உள்ளே ஒரு பாகம் கெட்டுப்போனதா, வெளியிலிருந்து யாராவது கெடுத்தார்களா என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துப் பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது.

இதில் அதிகம் அடிபடுவது டிவியின் பேனல். ஒரு டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்குரியது என்பதால் அதை மாற்றித் தருவது கம்பெனிக்குச் செலவு. பேனல் கண்ணாடியால் ஆனது, அதனால் ‘யாரோ இடித்துவிட்டார்கள்’ என்று எழுதுவதும் எளிது. மதுரைக் குடும்பம் ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். 2022 அக்டோபர் 14 அன்று 48,990 ரூபாய்க்கு 55 அங்குல எல்.இ.டி. டிவி வாங்கப்படுகிறது. ஓராண்டு கம்பெனி வாரண்டி. அதற்கு மேல் இரண்டு ஆண்டுக்கு 4,499 ரூபாய் கட்டிக் கூடுதல் வாரண்டி. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் திரையின் வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை நான்கைந்து செங்குத்துக் கோடுகள் வருகின்றன. ஒரு வாரத்தில் அவை ஒரு பட்டையாகின்றன. டெக்னீஷியன் வந்து பத்து நிமிடம் பார்த்து, போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு போகிறார். நான்காம் நாள் குறுஞ்செய்தி வருகிறது: வாடிக்கையாளரால் ஏற்பட்ட பிசிக்கல் டேமேஜ், வாரண்டி பொருந்தாது, பேனல் மாற்ற 31,000 ரூபாய்.

இந்த இடத்தில் பலர் செய்வது கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ‘நாங்க எதுவும் பண்ணலங்க’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதில் மறுதரப்பு சரிபார்க்கக்கூடியது ஒன்றுமில்லை. மறுப்பில் எந்தச் சேதம் சொல்லப்பட்டிருக்கிறதோ, அந்தச் சேதம் உண்மையில் நடந்திருந்தால் திரையில் என்ன அடையாளம் இருந்திருக்கும், அது அங்கே இருக்கிறதா இல்லையா என்று காட்டுவதே பதில். அதற்கு மறுப்பை முதலில் ஒரு திட்டவட்டமான வாசகமாக மாற்றிக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி போதாது. எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது, அந்த விதியின் முழு வாசகம் என்ன, திரையில் எந்த இடத்தில் என்ன சேதம் காணப்பட்டது, டெக்னீஷியன் எடுத்த படங்கள், ஜாப் ஷீட்டின் நகல் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்க வேண்டும். படம் கிடைத்தால் வாதிட ஏதோ ஒன்று கையில் இருக்கும். கிடைக்காவிட்டால், எழுதிக் கேட்டும் படம் தரவில்லை என்பதே பின்னால் ஓர் ஆவணமாகும்.

ஜாப் ஷீட் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. டெக்னீஷியன் கிளம்பும்போது, ‘ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார், கம்ப்ளெய்ண்ட் க்ளோஸ் பண்ணணும்’ என்பார். அந்த எண்ணைச் சொன்னால், பார்வை முடிந்தது, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார் என்று பதிவாக வாய்ப்பு உண்டு. அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துப் பார்த்துவிட்டே ஓடிபி சொல்லவோ கையெழுத்துப் போடவோ வேண்டும். டிவியை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போவதாக இருந்தால், வீட்டு வாசலைத் தாண்டும் முன் திரையை எரியவிட்டு ஒரு வீடியோ, அணைத்துவிட்டு ஒரு வீடியோ எடுப்பது அவசியம். ‘பெறும்போது பொருளின் நிலை’ என்ற கட்டத்தில் ‘கண்ணாடியில் உடைசல் இல்லை’ என்று எழுத வைக்க வேண்டும். ஆட்டோவில் போகும்போது விழுந்த கீறல் வீட்டுக்காரர் தலையில் ஏறாமல் இருக்க வேறு வழி கிடையாது.

அடுத்தது டெக்னீஷியன் அறிக்கை. இதை வாங்குவதற்கு முன் பேனல் எப்படிக் கெடுகிறது என்று ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. எல்.சி.டி. பேனல் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். இடையே திரவப் படிகம். முன்னும் பின்னும் போலரைசர் படலம். கண்ணாடியின் ஓரத்தில், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிக்னல் கொண்டுவரும் சிப் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டப்பட்டிருக்கும். ரிப்பேர் கடைகளில் இதைச் ‘சி.ஓ.எஃப்.’ என்றும் ‘டேப்’ என்றும் சொல்வார்கள். தினமும் சூடாகி ஆறும்போது இந்த ஒட்டு சில டிவிகளில் மெல்லத் தளர்கிறது, அல்லது சிப்பே கெடுகிறது. அப்போது அந்த நாடாவின் கீழ் வரும் நெடுவரிசைகள் மட்டும் கெட்டு, நூல் பிடித்தாற்போல் நேரான கோடாகவோ பட்டையாகவோ தெரியும். ஒன்றிரண்டு கோட்டில் தொடங்கி நாள்பட அதிகமாகும். டிவி சூடேறியதும் மறைந்து ஆறியதும் திரும்புவதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு.

அடிபட்ட பேனலின் முகம் வேறு. அதற்கு ஒரு மையப்புள்ளி இருக்கும். அங்கிருந்து சிலந்தி வலைபோல வெடிப்புகள் ஓடும். திரவப் படிகம் கசிந்து மை கொட்டினாற்போல் கறுப்புத் திட்டு பரவும். கோடுகளும் அந்தப் புள்ளியைத் தொட்டே கிளம்பும். முன்பக்கத்துப் படலம் கிழியாமல் உள்ளே கண்ணாடி மட்டும் வெடித்திருக்கலாம் என்பதால், கையால் தடவிப் பார்த்து ‘வழவழப்பாக இருக்கிறதே’ என்பது போதுமான சோதனை ஆகாது. டிவியை அணைத்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து முழுப் பரப்பையும் பார்க்க வேண்டும். பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒற்றை நிறங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி வெடிப்பு இந்த இரண்டிலும் தப்புவது அரிது.

தப்புகிற இடம் ஒன்று உண்டு, அது ஓரம். டிவியைச் சுவரில் மாட்டும்போதோ இடம் மாற்றும்போதோ திரையின் விளிம்பைப் பிடித்து அழுத்தித் தூக்கினால், சட்டத்துக்குள் மறைந்திருக்கும் கண்ணாடி ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழலாம். அதிலும் செங்குத்துக் கோடுதான் வரும். அதுபோலவே திரையில் நேரடியாகத் தெளித்த கிளீனர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால், நாடாவின் ஒட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ துரு பூக்கும். கம்பெனியின் டெக்னீஷியன் ‘டேமேஜ்’ என்று எழுதியதில் சில நேரம் நியாயம் இருக்க இதுவே காரணம். ஆகவே நேரான கோடு என்பதால் மட்டும் உள் பழுது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நல்ல அறிக்கை ஓரத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓரத்தைப் பார்க்கச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான வாரண்டிகளில் ‘அங்கீகாரமற்றவர் திறந்திருந்தால் செல்லாது’ என்ற விதி இருக்கும். அவசரப்பட்டு வெளி மெக்கானிக்கை வைத்துத் திறந்தால், பலவீனமான ஒரு மறுப்புக்குப் பதிலாகப் பலமான இன்னொரு மறுப்பைக் கம்பெனியிடம் வலியக் கொடுத்ததாகும். எனவே பார்வையை இரண்டு கட்டமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முதல் அறிக்கை, ஸ்டிக்கரையும் திருகையும் தொடாமல் வெளியிலிருந்து பார்த்ததாக மட்டும் இருக்கட்டும். அதை அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். பெரும்பாலான தகராறுகளுக்கு அதுவே போதும், ஏனென்றால் கம்பெனியின் ஆளும் திறந்து பார்க்காமல்தான் எழுதியிருப்பார். திறந்தே ஆகவேண்டும் என்றால், தேதியும் இடமும் குறித்து, தங்கள் டெக்னீஷியன் முன்னிலையில் திறந்து பார்க்கலாம் என்று கம்பெனிக்கு எழுத வேண்டும். வந்தால் கூட்டாகப் பார்த்ததாகிறது. வராவிட்டால் கூப்பிட்டதற்குச் சான்று இருக்கிறது.

யாரிடம் அறிக்கை வாங்குவது என்பதும் முக்கியம். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, பேனல் வேலையே செய்து பழகிய, ஜி.எஸ்.டி. எண்ணும் முகவரியும் உள்ள கடைக்காரர் எழுதினால் மதிப்பு உண்டு. தெரு முனையில் தெரிந்தவர் லெட்டர்பேடில் ‘மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட்’ என்று இரண்டு வார்த்தை எழுதித் தந்தால் அது கம்பெனியின் ‘பிசிக்கல் டேமேஜ்’ போலவே வெறும் முடிவு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். அறிக்கைக்கு எடை தருவது பார்த்ததும் அதற்கான காரணமும்தான். மதுரைக் குடும்பத்துக்கு உதவக்கூடிய ஒரு பத்தி இப்படி இருக்கலாம்:

“2025 ஆகஸ்ட் 19 அன்று மேற்படி வீட்டில், மேற்கண்ட மாடல் மற்றும் சீரியல் நம்பர் கொண்ட டிவியைப் பார்த்தேன். பின்மூடியும் முன்சட்டமும் திறக்கப்படவில்லை. அணைத்த நிலையில் பக்கவாட்டு வெளிச்சத்தில் திரை முழுவதும் பார்த்ததில் வெடிப்போ, குழிவோ, கீறலோ இல்லை. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் இடித்த தடமோ, கீழ் விளிம்பில் திரவம் வழிந்த தடமோ இல்லை. எரியும் நிலையில் வலது ஓரத்திலிருந்து சுமார் 14 செ.மீ. தள்ளி, 6 செ.மீ. அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை நேரான பட்டை தெரிகிறது. அது எந்தப் புள்ளியிலிருந்தும் கிளம்பவில்லை. சுற்றிலும் கறுப்புத் திட்டு இல்லை. 40 நிமிடம் ஓடியபின் பட்டையில் பாதி மறைந்தது. அடிபட்ட பேனல் சூடேறிச் சரியாவதில்லை. இவற்றை வைத்து, ஒரு நாடாவின் இணைப்போ அதன் சிப்போ பழுதாகியிருப்பதாகக் கருதுகிறேன். கண்ணாடியின் மறைந்த ஓரத்தைத் திறந்து பார்க்கவில்லை.”

கடைசி வாக்கியம் பலவீனமாகத் தோன்றலாம். உண்மையில் அந்தப் பத்தியை நம்ப வைப்பது அதுதான். தான் பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்கிறவர், பார்த்ததாகச் சொல்வதையும் பார்த்திருப்பார் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வருகிறது. அறிக்கையோடு படங்கள் வேண்டும். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஒரு படத்திலாவது தெரிய வேண்டும். அதே வீடியோவில் கேமராவை நகர்த்தித் திரைக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. இது வேறு டிவி என்று பிறகு சொல்ல முடியாது. மூலக் கோப்புகளைப் போனிலேயே அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தேதி, நேரம் போன்ற உள்விவரங்கள் போய்விடும்.

வாங்கிய ஆவணங்களின் வேலை வேறு. அடிபட்டதா இல்லையா என்று பில் சொல்லாது. ஆனால் ‘டேமேஜ்’ வாதம் தளர்ந்ததும் அடுத்து வரக்கூடிய எல்லா வாதங்களுக்கும் கதவடைப்பது அதுதான்: காலம் முடிந்துவிட்டது, இது அந்த டிவி இல்லை, இந்தத் திட்டத்தில் பேனல் சேராது, கூடுதல் வாரண்டிக்குப் பணமே வரவில்லை. டிவியின் பில், கூடுதல் வாரண்டிக்கான பில், வாரண்டிச் சான்றிதழ், டிவியின் முதுகு ஸ்டிக்கர் ஆகிய நான்கிலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். கவுண்டரில் அவசரமாக அடிக்கும்போது பூஜ்யத்துக்கு ‘ஓ’ விழுந்திருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் தகராறு முற்றுமுன் கடையில் எழுதித் திருத்தி வாங்குவது நல்லது.

தேதிக் கணக்கும் அப்படியே. மாதிரிக் குடும்பத்தின் கம்பெனி வாரண்டி 2023 அக்டோபர் 13-இல் முடிகிறது. கூடுதல் வாரண்டி மறுநாள் தொடங்கி 2025 அக்டோபர் 13 வரை ஓடுகிறது. கூடுதல் வாரண்டியும் பில் தேதியிலிருந்தே தொடங்கியதாகக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தால், அது 2024-லேயே முடிந்துபோனதாகக் காட்டும். கணக்கில் எடுக்க வேண்டியது முதல் புகார் பதிவான நாள். தகராறு அக்டோபரைத் தாண்டி இழுத்தாலும், ஆகஸ்டில் கொடுத்த புகார் எண் இருந்தால் உரிமை போகாது. அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடக் கூடாது.

டிவியை மாட்டிக் கொடுத்தபோது தந்த இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டைப் பெரும்பாலோர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இந்தத் தகராறில் எதிர்பாராத அளவு பயன்படும் காகிதம். கம்பெனியின் ஆளே சுவரில் மாட்டினார், அப்போது திரை நன்றாக இருந்தது, அதன்பின் கழற்றவில்லை என்றால், தூக்கும்போது விளிம்பு வெடித்தது என்ற வாதத்துக்கு இடம் குறைகிறது.

பில் தொலைந்திருந்தாலோ, சூட்டில் அச்சாகும் தாளில் எழுத்து மங்கியிருந்தாலோ, கடையில் போன் நம்பரைச் சொல்லி நகல் கேட்கலாம். ‘பழைய பில் இல்லீங்க’ என்று கடைக்காரர் எளிதில் சொல்ல முடியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் அவர் வைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையில் பணம் போன வரி துணைச் சான்றாகும்.

இவ்வளவும் கையில் வந்தபின் எழுதும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோபத்தையும் எத்தனை முறை போன் செய்தோம் என்ற கணக்கையும் விட்டுவிடலாம். வாங்கிய தேதி, வாரண்டிக் காலம், புகார் எண், மறுப்பின் வாசகம், அந்த வாசகத்துக்கு எதிராக அறிக்கை என்ன காண்கிறது, எனவே என்ன கேட்கப்படுகிறது, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று வரிசையாக ஒரு பக்கத்தில் முடியும். ‘வெடிப்பு எங்கே இருக்கிறது என்று தங்கள் படத்தில் வட்டமிட்டுக் காட்டவும்’ என்ற ஒரு வரியைச் சேர்ப்பது கூர்மையானது. காட்ட ஒன்றுமில்லாதபோது அதற்குப் பதில் எழுதுவது கடினம். காப்பீட்டு வழக்குகளில், விலக்கு விதியைக் காட்டி மறுப்பவரே அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. வாரண்டி காப்பீடு அல்ல என்றாலும் விலக்கு விதியின் அமைப்பு ஒன்றே என்பதால் அந்த வாதத்தை இங்கும் எடுத்து வைக்கலாம். கடிதம் வாரண்டி நிறுவனத்தோடு நிற்காமல் விற்ற கடைக்கும் தயாரிப்பாளருக்கும் போக வேண்டும். யார் பொறுப்பு என்று மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவது வழக்கம். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதலாம். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்க்கும். ஆயினும் கஸ்டமர் கேரில் உள்ளவரைத் தாண்டி, முடிவெடுக்கக்கூடிய ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்க அது வழி செய்யக்கூடும். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடைசியாக வந்த மறுப்பை வைத்து எண்ணாமல் முதல் மறுப்பின் தேதியை வைத்து எண்ணுவதே பாதுகாப்பு.

ஆணையத்தில் பெரும்பாலும் ஆவணத்தையும் பிரமாண வாக்குமூலத்தையும் வைத்தே விசாரணை நடக்கும். அதனால் டெக்னீஷியனிடம் அறிக்கை வாங்கும்போதே, தேவைப்பட்டால் பிரமாண வாக்குமூலம் தருவாரா என்று கேட்டு வைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் பின்னால் நிற்காத அறிக்கையைத் துண்டுக் காகிதம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளிவிடுவார். சோதிக்காமல் குறையை முடிவு செய்ய முடியாது என்று ஆணையம் கருதினால், சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட நேரிடும். ஓரத்தில் மறைந்த வெடிப்பு இருந்தால் அங்கே அது வெளிப்பட்டுவிடும். அப்படி ஒரு சந்தேகம் தனக்கே இருப்பவர், வழக்குக்கு முன்பே கூட்டாகத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

வழியில் கம்பெனி சமரசத்துக்கு வரலாம். அப்போது பார்க்க வேண்டியது தேய்மானக் கணக்கு. சில திட்டங்களில் ஆண்டு ஏற ஏறக் கொடுக்கும் தொகை குறையும். அது பொருளுக்குப் பதிலாகப் பணமாகத் தரும்போது மட்டுமா, பழுதுபார்ப்புக்கும் சேர்த்தா என்று விதியில் இருக்கும். பேனலை மாற்றித் தருவதாகச் சொன்னால், மாற்றிய பேனலுக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும். ‘இத்துடன் எல்லா உரிமைகோரலும் முடிந்தது’ என்ற தாளில், டிவி வீட்டுக்கு வந்து எரிந்து பார்த்தபின் கையெழுத்திடலாம். அதுவரை பழைய பேனலைச் சர்வீஸ் சென்டரில் விட்டுவைக்கக் கூடாது. விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அதன் நம்பரைக் குறித்த ரசீது கையில் இருக்க வேண்டும்.